உதவித்தொகை தந்த குடும்பத்துக்கு முதல் வருடக் கடிதம்: கிளியர் ஆன அரியரை எழுதணுமா?

"அண்ணாச்சி, எனக்கு ஊர் முக்கூடல். சென்னையில இருக்கிற நம்ம ஊர்க் குடும்பம் ஒண்ணு, அவங்க ஆச்சி ஞாபகமா வருஷம் 40,000 ரூபாய் தந்து என்னைய பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வைக்காங்க. முதல் வருஷம் முடிஞ்சிட்டு. 'படிப்பு எப்படிப் போகுதுன்னு ஒரு கடிதம் எழுதும்மா'ன்னு கேட்டிருக்காங்க. நன்றியும் சொல்லணும். முதல் செமஸ்டர்ல கணக்குல அரியர் விழுந்தது, அதைச் சொல்லல. ஜிபிஏ 7.72னு மட்டும் போன்ல சொன்னேன். இப்ப அரியரை கிளியர் பண்ணிட்டேன். ஆனா சிஜிபிஏ 7.27க்கு இறங்கிட்டு. முடிஞ்சுபோன அரியரை எழுதணுமா? கடிதத்தை எப்படி எழுத? கிரேடு விவரமும் செலவு விவரமும் இத்தோட அனுப்பியிருக்கேன்."

எழுத வேண்டும். கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லாமல், மதிப்பெண் பேச்சு வருகிற இடத்திலேயே எழுத வேண்டும். நேர்மை, நாணயம் என்று பெரிய பேச்சுக்குள் நான் போகவில்லை. அன்றைக்கு நீ சொன்ன 7.72 அவர்கள் ஞாபகத்தில் இருக்கும். இன்றைக்கு 7.27 என்று எழுதினால், "முதல் செமஸ்டரில் நன்றாகப் படித்த பிள்ளை, இரண்டாம் செமஸ்டரில் கோட்டை விட்டுவிட்டாள்" என்றுதான் யாருக்கும் தோன்றும். நடந்தது அதற்கு நேர்மாறு. அரியரைச் சொன்னால்தான் அது அவர்களுக்குப் புரியும். மறைத்தால் உனக்கே நஷ்டம்.

பாளையங்கோட்டையில் குடும்ப அறக்கட்டளைகள் சிலவற்றுக்கு இந்த மாதிரிக் கடிதங்களை வாங்கிப் படித்து, அடுத்த வருடம் யாருக்குத் தொடர்வது என்று பட்டியல் போட்டுக் கொடுக்கிறவன் நான். கடிதத்தை வாங்கியதும் அந்த வீட்டில் என்ன பேசிக்கொள்வார்கள் என்பது ஓரளவு தெரியும். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த 7.72 எப்படி வந்தது என்று உனக்கே தெளிவாக வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் ஜிபிஏ போடும்போது தேறாத பாடத்தை, அதாவது U கிரேடு வந்ததை, கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். பூஜ்யம் என்று போட்டு வகுப்பதும் இல்லை. அந்தப் பாடம் அந்தச் செமஸ்டரில் இல்லாத மாதிரியே விட்டுவிடுவார்கள். உன் முதல் செமஸ்டரில் மொத்தம் 22 கிரெடிட். அதில் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' மட்டும் 4. அது போனதால் மீதி 18 கிரெடிட்டுக்குத்தான் உனக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

நீ அனுப்பிய கிரேடுகளை வைத்தே கூட்டிப் பார்ப்போம். மூன்று கிரெடிட் பாடங்களில் ஆங்கிலம் B+, கிரெடிட்டுக்கு 7 வீதம் அதற்கு 21 புள்ளி. இயற்பியல் B, அதற்கு 18. வேதியியல் A, அதற்கு 24. பைத்தான் B+, இன்னொரு 21. தமிழர் மரபு ஒரே கிரெடிட்தான், அதில் O வாங்கி 10. மூன்று லேபுக்கும் சேர்த்து 5 கிரெடிட், மூன்றிலும் A+ வாங்கியதால் 45. எல்லாம் சேர்த்து 139. அதை 18-ஆல் வகுத்தால் 7.72. கணக்குப் பாடத்தைப் பூஜ்யமாக வைத்து 22-ஆல் வகுத்திருந்தால் 6.32 என்று வந்திருக்கும். ஆக, 7.72 பொய் இல்லை. ஆனால் பின்னால் ஒரு பாடம் பாக்கி நின்றது அந்த எண்ணில் தெரியாது.

இப்போது அரியரை எழுதித் தேறிவிட்டாய், C கிரேடு. C-க்கு 5 புள்ளி, நான்கு கிரெடிட்டுக்கு 20. முதல் செமஸ்டர் கணக்கு 159-ஐ 22-ஆல் வகுக்கிற கணக்காக மாறுகிறது, அதாவது 7.23. தேறியதால் எண் இறங்குகிறது! கேட்பவர்களுக்கு விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் உன் சராசரியைவிடக் குறைந்த கிரேடு புதிதாக உள்ளே வந்தால் சராசரி இறங்கத்தானே செய்யும்? இரண்டாம் செமஸ்டரில் 26 கிரெடிட்டுக்கு 190 புள்ளி, ஜிபிஏ 7.31, ஒரு பாடமும் நிற்கவில்லை. இரண்டையும் சேர்த்து 48 கிரெடிட்டுக்கு 349 புள்ளி. அதுதான் உன் சிஜிபிஏ 7.27. சரியாக ஒப்பிட வேண்டுமென்றால் 7.23-ஐயும் 7.31-ஐயும் பக்கத்தில் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் நீ கொஞ்சம் ஏறியிருக்கிறாய். (தன்னாட்சிக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கங்கே விதி மாறும், ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள்.)

இவ்வளவு விளக்கமும் கடிதத்தில் வேண்டாம். அந்தக் குடும்பத்தில் கிரெடிட் கணக்கு தெரிந்தவர் ஒருவரோ இருவரோ இருக்கலாம். பெரியவர்களுக்கு அது தலைவலி. மூன்று வரி போதும்: பாடம் எது, எப்போது தேறினாய், எண் ஏன் இறங்கியது. அந்த மூன்றும் இருந்தால் அடுத்த கேள்வி வராது.

நான்காவது ஒன்று உண்டு, அதில்தான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். ஏன் அரியர் விழுந்தது என்பது. பாதிப் பேர் காரணமே எழுத மாட்டார்கள். மீதிப் பேர் வீட்டுக் கஷ்டத்தை எழுதிவிடுவார்கள். உன் அம்மா திண்ணையில் சுளகை மடியில் வைத்து விளக்கு வெளிச்சத்தில் பீடி சுற்றுவதும், ஆயிரம் பீடி முடிக்க நீயும் கூட உட்கார்ந்து நூல் கட்டிக் கொடுப்பதும் உண்மைதான். உன் விண்ணப்பத்தில் அதைப் படித்துவிட்டுத்தான் அவர்கள் பணமே தந்தார்கள். அதையே அரியருக்கும் காரணமாக எழுதினால், அவர்கள் செய்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. வருத்தப்படத்தான் முடியும். பாடத்துக்குள்ளேயே ஒரு காரணம் இருக்குமே, அதை எழுது. அந்தப் பேப்பரில் ஐந்து யூனிட். முதல் யூனிட் அணிகள், நீ +2-வில் பார்த்ததன் தொடர்ச்சிதான். கடைசி யூனிட் மல்டிபிள் இன்டக்ரல். வரம்புகளை மாற்றிப் போடும் கணக்கு வந்தால் படம் வரையத் தெரியாமல் நின்றுவிடுகிறேன் என்று எனக்கு எழுதியிருந்தாய் அல்லவா? அந்த ஒரு வரி நல்ல காரணம். படிக்கிறவர்களில் ஒரு எஞ்சினியர் இருந்தால், "ஆமா, நானும் அதில்தான் நின்றேன்" என்பார். இரண்டாம் செமஸ்டர் கணக்கில் B வாங்கியிருக்கிறாய், அதையும் அங்கேயே சொல்லிவிடு. வேறு சமாதானம் எதுவும் தேவைப்படாது.

சரி, நன்றிக்கு வருவோம். நம் பக்கத்துப் பிள்ளைகள் எழுதும் கடிதங்களில் நன்றிப் பத்தி அநேகமாக ஒரே அச்சில் இருக்கும். "கடவுளுக்கு அடுத்தபடியாக", "தெய்வம் போல் வந்து", "உங்கள் பாதங்களில்", "ஏழேழு ஜென்மத்துக்கும்". பிள்ளைகள் மனதார எழுதுகிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் வாங்குகிறவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒரு வீட்டு அம்மா என்னிடம், "பிள்ளை என்னய சாமியாக்கிட்டா, என்ன படிக்கான்னு சொல்லவே இல்லையே" என்றார்கள். அந்தப் பணம் வந்ததால் எது நடந்தது, எது நடக்காமல் தப்பியது என்று ஒரே ஒரு காரியத்தைச் சொல். உன்னிடம் இரண்டு இருக்கின்றன: காலேஜ் பஸ், அம்மாவின் கம்மல். செப்டம்பரில் முதல் தவணை வந்ததால் கம்மலை அடகு வைக்காமல் பீஸ் கட்டினோம் என்று சொன்னாயே, அது போதும். அதற்கு மேல் ஒரு பெயரடைகூடச் சேர்க்க வேண்டாம்.

அப்புறம் பணக் கணக்கு. இதைக் கேட்காமலேயே எழுது. கேட்க அவர்களுக்கும் சங்கடம், ஆனால் தெரிந்துகொள்ள ஆசை இருக்கும். குடும்பம் நேராகத் தந்தால் ஒரு பத்தி போதும். அறக்கட்டளை பெயரில் வந்திருந்தால் அவர்களுடைய ஆடிட்டர் ரசீது கேட்பார். பணம் படிப்புக்குத்தான் போனது என்று அறக்கட்டளை காட்டியாக வேண்டும். எனவே ரசீது நகல்களைக் கூடவே அனுப்பிவிடு. உன் கணக்கில் இரண்டு இடத்தில் கேள்வி வரும். அதற்குப் பதிலைக் கடிதத்திலேயே வைத்துவிடலாம்.

ஒன்று, பஸ்ஸுக்கு 22,000. பெண்களுக்குத்தான் 2021-லிருந்து அரசு பஸ் இலவசமாயிற்றே, பிறகு எதற்கு இவ்வளவு என்று சென்னையில் இருப்பவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த இலவசம் சாதாரண டவுன் பஸ்ஸுக்குத்தான், எல்லா பஸ்ஸுக்கும் கிடையாது. ஜங்ஷனில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் போனால் முதல் பீரியட் முடிந்துவிடுகிறது என்பது உன் நிலைமை. முதல் மாதம் அப்படிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் காலேஜ் பஸ்ஸுக்கு மாறினாய். அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடு.

இரண்டாவது, புதுமைப் பெண் திட்டத்தில் வருகிற மாதம் 1,000 ரூபாய். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண் என்பதால் உனக்கு அது வருகிறது. முதல் பட்டதாரி சலுகையும் இருக்கிறது. இதைச் சொன்னால் "அவளுக்குத்தான் அரசே தருகிறதே" என்று நிறுத்திவிடுவார்களோ என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். நான் பார்த்த வரையில் சொன்னதற்காக யாரும் நிறுத்தியதில்லை. வேறு யார் வாயிலிருந்தோ கேள்விப்பட்டபோதுதான் வருத்தப்பட்டிருக்கிறார்கள். புதுமைப் பெண் பற்றி இன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். நீ எழுதாவிட்டாலும் அவர்களே கணக்குப் போட்டுவிடுவார்கள். ஒரு விஷயம் மட்டும் கடிதம் போடுமுன் பார்த்துக்கொள்: அவர்கள் முதலில் தந்த தாளில் "வேறு உதவித்தொகை பெறக் கூடாது" என்றோ "இத்தனை சிஜிபிஏ இருக்க வேண்டும்" என்றோ நிபந்தனை இருக்கிறதா? இருந்தால் கடிதம் போடுமுன் போனில் பேசிவிடு. அப்படிப்பட்ட விஷயம் முதன்முதலாகத் தபாலில் போய் நிற்கக் கூடாது.

இனி கடிதம். நீ அனுப்பிய விவரங்களை வைத்து ஒரு வரைவு போட்டிருக்கிறேன். அப்படியே படி எடுக்காதே, உன் வாயில் வருகிற மாதிரி மாற்றிக்கொள்.

> மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கும், குடும்பத்தார் எல்லோருக்கும் வணக்கம்.
>
> ஆச்சி பெயரில் நீங்கள் தரும் உதவியில் பி.இ. முதல் வருடத்தை முடித்துவிட்டேன். போன வாரம் இரண்டாம் செமஸ்டர் முடிவு வந்தது. எல்லாப் பாடங்களிலும் தேறியிருக்கிறேன். இப்போது என் மொத்த சிஜிபிஏ 7.27.
>
> முதல் செமஸ்டர் முடிந்தபோது 7.72 என்று உங்களிடம் போனில் சொன்னேன். அப்போது கணக்குப் பாடம் ஒன்றில் நான் தேறியிருக்கவில்லை. அதை அன்றைக்குச் சொல்லாதது என் தவறு. தேறாத பாடத்தைப் பல்கலைக்கழகம் ஜிபிஏவில் சேர்ப்பதில்லை. அதனால் எண் கூடுதலாகத் தெரிந்தது. ஜூனில் அந்தப் பாடத்தை மறுபடி எழுதி C கிரேடில் தேறிவிட்டேன். அது இப்போது கணக்கில் சேர்ந்ததால் எண் இறங்கியிருக்கிறது. இரண்டாம் செமஸ்டரில் மட்டும் என் ஜிபிஏ 7.31.
>
> முதல் செமஸ்டர் கணக்கில் கடைசி யூனிட்டில், இன்டக்ரலின் வரம்பை மாற்றும் கணக்குகள் எனக்கு வரவில்லை. எந்தப் பரப்பைச் சொல்கிறார்கள் என்று படம் வரையாமல், புத்தகத்தில் இருந்த மாதிரிக் கணக்கை மனப்பாடம் செய்துவிட்டுப் போனேன். தேர்வில் கோடு மாறி வந்ததும் நின்றுவிட்டேன். மறுபடி படிக்கும்போது எங்கள் கணக்கு மேடம் சனிக்கிழமைகளில் ஒவ்வொரு கணக்குக்கும் படம் வரைய வைத்தார்கள். இரண்டாம் செமஸ்டர் கணக்கில் B வாங்கியிருக்கிறேன். லேப் பாடங்களில் பயமில்லை. முதல் செமஸ்டரில் மூன்று லேபிலும் A+.
>
> நீங்கள் தந்த 40,000 ரூபாயில் காலேஜ் பஸ்ஸுக்கு 22,000, கல்லூரிக் கட்டணத்தில் சலுகை போக மீதி 9,500, அரியர் பேப்பரையும் சேர்த்துத் தேர்வுக் கட்டணம் 3,650, புத்தகம், ரெக்கார்டு நோட்டு, டிராயிங்குக்கு மினி டிராஃப்டர் எல்லாம் சேர்த்து 4,120 ஆனது. மீதி 730 ரூபாய் வங்கிக் கணக்கில் இருக்கிறது. முதல் மாதம் இலவச டவுன் பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். ஜங்ஷனில் மாறிப் போக முதல் பீரியட் தவறிப்போனதால் காலேஜ் பஸ்ஸில் சேர்ந்தேன். அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மதியச் சாப்பாட்டுக்கும் போன் ரீசார்ஜுக்கும் அதை வைத்துக்கொள்கிறேன். ரசீது நகல்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.
>
> செப்டம்பரில் உங்கள் முதல் தவணை வந்தபோது, பீஸுக்காக அம்மா கம்மலை அடகு வைக்கத் துணியில் முடிந்து வைத்திருந்தார்கள். பணம் வந்ததும் அவிழ்த்துப் போட்டுக்கொண்டார்கள். அம்மாவும் நானும் உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்கிறோம்.
>
> மூன்றாம் செமஸ்டர் தொடங்கிவிட்டது. அதில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும், டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ் என்று இன்னொரு கணக்குப் பாடமும் இருக்கின்றன. முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு முடிந்ததும் அந்த இரண்டு பாடங்களின் மதிப்பெண்ணை உங்களுக்கு அனுப்புகிறேன்.
>
> ஊருக்கு வரும்போது சொல்லுங்கள். அம்மா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.
>
> அன்புடன்,

கீழே உன் பெயர், துறை, இப்போது எத்தனையாவது செமஸ்டர், தேதி. அவ்வளவுதான்.

இதில் நான் ஏன் சிலதை விட்டேன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ திரும்பச் சேர்த்துவிடுவாய். "அடுத்த வருடம் 9 வாங்குவேன்" என்ற வாக்குறுதி இல்லை. 48 கிரெடிட் முடிந்த பிறகு மொத்த எண்ணை அவ்வளவு தூக்குவது கஷ்டம். அடுத்த இரண்டு செமஸ்டரிலும் 9 வாங்கினாலும் சிஜிபிஏ எட்டு, எட்டேகால் பக்கத்தில்தான் நிற்கும். 9 என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த ஆண்டு கடிதத்தில் நீதான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக, உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணை அனுப்புகிறேன் என்று வைத்தேன். அது உன் கையில் இருக்கிற காரியம். அக்டோபர் வாக்கில் இரண்டு வரி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முடிந்தது. இடையில் அனுப்பும் அந்த இரண்டு வரிதான், செமஸ்டரில் எதுவும் இடறினாலும் அவர்களுக்கு முன்கூட்டியே தெரியப்படுத்தும். போன தடவை நடந்த மாதிரி, சொல்லாமல் வைத்திருந்து பிறகு விளக்க வேண்டி வராது.

லேப்டாப் வேண்டும் என்று எனக்கு எழுதிய கடிதத்தின் ஓரத்தில் குறித்திருந்தாய். இந்தக் கடிதத்தில் அதைப் போடாதே. கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைக்கு லேப்டாப் தேவைதான், கேட்பதிலும் தப்பில்லை. ஆனால் நன்றிக் கடிதத்தின் கடைசியில் ஒரு கோரிக்கை வந்தால், மேலே எழுதிய எல்லாம் அதற்கு முன்னுரை மாதிரி ஆகிவிடும். ஒரு மாதம் கழித்துத் தனியாகக் கேள். கேட்கும்போது எந்தப் பாடத்துக்கு, காலேஜ் லேப் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது, பழையது என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று எழுது.

"என் தவறு" என்ற வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று நீ கேட்பாய். வைத்துக்கொள். ஒரு வாக்கியம்தான், அதை இழுத்து மன்னிப்புப் பத்தியாக்காதே. போனில் சொல்லாமல் விட்டதைத் தாண்டிப் போனால், படிக்கிறவர் மனதில் அது தனியாக நிற்கும். ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டால் அடுத்த வாக்கியத்திலேயே தேறிய செய்தி வந்துவிடுகிறது.

கடிதத்தைக் கையால் எழுதுவதா, டைப் செய்வதா என்றால், உன் கையெழுத்து நன்றாக இருந்தால் கையாலேயே எழுது. ஆனால் அந்தக் குடும்பத்தில் பேரப்பிள்ளைகள் காலத்தில் தமிழ் வாசிப்பு எப்படியோ, யாருக்குத் தெரியும்? கடிதத்தைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். அதனால் கிரேடுகளையும் செலவையும் மட்டும் ஒரே பக்கத்தில் ஆங்கிலத்தில் டைப் செய்து பின்னால் இணைத்துவிடு. கடிதத்தையே ஆங்கிலத்தில் எழுத வேண்டாம். இன்டர்நெட்டில் கிடைக்கிற ஆங்கில மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுதியது எப்படியும் முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

மதிப்பெண் அட்டை அச்சாகிக் கையில் வருகிற வரை காத்திருக்காதே, அது நாளாகும். `coe1.annauniv.edu` பக்கத்தில் வருகிற முடிவை அப்படியே எடுத்து இப்போது அனுப்பு, அட்டை வந்ததும் நகல் அனுப்புகிறேன் என்று ஒரு வரி சேர். இரண்டாம் வருடக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி வருவதற்கு முன்னால் கடிதம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். தேதி நெருங்கியபின் வரும் கடிதம் பணத்தை ஞாபகப்படுத்துகிற கடிதமாகத்தான் படிக்கப்படும். இணைக்க வேண்டியவை இரண்டு செமஸ்டர் முடிவு, ரசீது நகல்கள், அந்த ஆங்கிலப் பக்கம். ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம் இதெல்லாம் போன வருடமே கொடுத்திருப்பாய், திரும்ப வைக்க வேண்டாம். கேட்டால் மட்டும் கொடு. கவருக்குள் போகிற ஒவ்வொரு தாளும் வாட்ஸ்அப்பில் சுற்றக்கூடியதுதான்.

தபாலில் போட்ட அன்றைக்கே பெரியவருக்கு ஒரு போன் போட்டு, "ஐயா, கடிதம் போட்டிருக்கேன், அதில் முதல் செமஸ்டர் அரியர் பற்றி எழுதியிருக்கேன்" என்று சொல்லிவிடு. 7.72 என்று போனில் சொன்னது நீ. அதைத் திருத்துவதும் முதலில் உன் குரலில் போகட்டும். அவர் "எந்தப் பாடம்?" என்று கேட்பார். "மேத்ஸ், இப்ப கிளியர் பண்ணிட்டேன்" என்று சொல். மீதியைக் கடிதத்தில் படித்துக்கொள்வார்.